மடிந்த ஒளியும் நீண்ட குவியமும்: ஆடி தேய்க்கும் அன்பர்களுக்கு ஒரு திறந்த மடல்



சென்ற தை மாதத்தில் ஒரு மாலை, பள்ளிக்கூட மைதானம் ஒன்றில், மாதக்கணக்காகப் பாடுபட்டு உங்கள் கையாலேயே சமைத்த தொலைநோக்கிகளை வரிசையாக நிறுத்தி, ஊராருக்கு நிலவைக் காட்டிக்கொண்டிருந்தீர்களே, அன்று கூட்டத்தோடு கூட்டமாக நின்று என் முறைக்காகக் காத்திருந்தவர்களுள் நானும் ஒருவன். எனக்கு முன்னால் பன்னிரண்டு வயதிருக்கும் சிறுமி ஒருத்தி நின்றிருந்தாள். அவள் ஐபீஸில் கண்ணை வைப்பதற்கு முன், குழாயின் பக்கவாட்டில் திருகி வைத்திருந்த பித்தளைத் தகட்டை நிதானமாகப் படித்துவிட்டு, அருகில் நின்ற இளைஞரிடம், "அண்ணா, குழாய் என் இடுப்பு உயரங்கூட இல்லையே, குவியத் தூரம் 3,200 மில்லிமீட்டர் என்று போட்டிருக்கிறதே, அது எங்கே இருக்கிறது?" என்று கேட்டாள். அவரும் முகங் கோணாமல், "ஒளி உள்ளே மேலும் கீழுமாக மடிந்து போகிறதம்மா. மடித்து வைத்த புடவையைப் பிரித்தால் நீளமாவது போல, அந்த வழியைப் பிரித்து நீட்டினால் மூன்று மீட்டருக்கு மேல் வந்துவிடும்" என்றார்.

அவர் சொன்ன விடை கேட்பதற்கு இனிமையாக இருந்தது; சரியாக மட்டும் இல்லை. நாலு பேர் முன்னிலையில் திருத்துவது மரியாதையன்று என்று வாயை மூடிக்கொண்டு வீடு திரும்பினேன். ஆயினும், அதே விடையை உங்களில் வேறு சிலரும் வேறு வேறு சந்தர்ப்பங்களில் சொல்லக் கேட்டிருக்கிறேன் ஆதலாலும், அந்தத் தகட்டின் இலக்கத்தைப் பற்றி எனக்கே ஒரு பழைய வெட்கம் உண்டு ஆதலாலும், இதைப் பொதுவில் எழுதுவதே நலம் என்று தோன்றிற்று.

முதலில் புடவைக் கணக்கையே போட்டுப் பார்த்துவிடுவோம். நீங்கள் அன்று காட்டிய காசிகிரேன் வகைச் சாதனத்தில், அடியிலிருக்கும் முதன்மைக் குழியாடியின் விட்டம் 200 மி.மீ., அதன் சொந்தக் குவியத் தூரம் 800 மி.மீ. அதற்கு 600 மி.மீ. முன்னால் சிறியதொரு குவியாடி தொங்குகிறது. அந்தக் குவியாடி திருப்பியனுப்பும் ஒளி, முதன்மை ஆடியின் நடுவிலுள்ள துளை வழியே புகுந்து, ஆடியின் முகத்துக்கு 200 மி.மீ. பின்னால் குவிகிறது. ஆகவே முதன்மை ஆடியில் பட்ட ஒளி மேலே 600 மி.மீ. ஏறி, கீழே 800 மி.மீ. இறங்கி, ஆக 1,400 மி.மீ. பிரயாணம் செய்து பிம்பத்தை அடைகிறது. தகட்டிலோ 3,200 என்று இருக்கிறது. புடவையை எப்படிப் பிரித்தாலும் மீதி 1,800 மி.மீ. கிடைக்கப்போவதில்லை.

மடிப்பது என்ற காரியத்தை மட்டும் தனியே பார்க்க வேண்டுமானால், அந்தச் சிறிய குவியாடியைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் ஒரு சமதள ஆடியை மனத்தால் பொருத்திப் பாருங்கள். 600 மி.மீ. வந்துவிட்ட ஒளி, குவிவதற்கு இன்னும் 200 மி.மீ. பாக்கி வைத்திருக்கிறது, சமதள ஆடி அந்தப் பாக்கியைத் திசை மாற்றிக் கொடுக்குமே தவிர, கூட்டவும் செய்யாது, குறைக்கவும் செய்யாது. பிம்பம் குழாயின் நடுவிலேயே, ஆடிக்கு 200 மி.மீ. கீழே உண்டாகும், குவியத் தூரம் அப்போதும் 800 தான். 1668-ஆம் ஆண்டு நியூட்டன் தம் சிறு தொலைநோக்கியில் சமதள ஆடியைச் சாய்த்து வைத்து ஒளியைப் பக்கவாட்டில் வெளியேற்றினாரே, அது மடிப்பு. மடிப்பைத் தவிர வேறொன்றுமன்று. நான்கு ஆண்டுகள் கழித்து, 1672-இல், காசிகிரேன் என்ற பிரெஞ்சுக்காரரின் பெயரால் வெளியான திட்டத்தில் சமதளம் இருந்த இடத்தில் குவியாடி வந்து உட்கார்ந்தது. நியூட்டன் அதை ஏளனமாகவே பார்த்தார் என்பது வேறு கதை. அந்தக் குவியாடி செய்வது இரண்டு காரியம்: ஒளியை மடிக்கிறது, கூடவே அதன் குவிதலைத் தாமதப்படுத்துகிறது. தகட்டிலுள்ள பெரிய இலக்கம் முழுவதும் இந்த இரண்டாவது காரியத்தின் வரவு.

தாமதம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், முதன்மை ஆடியிலிருந்து எழும் ஒளிக்கூம்பு, அடியில் 200 மி.மீ. அகலமாகப் புறப்பட்டு, 800 மி.மீ. உயரத்தில் ஒரு புள்ளியாகக் கூம்பிவிட வேண்டியது. உச்சிக்கு 200 மி.மீ. மிச்சமிருக்கும் இடத்தில் அதன் அகலம் 50 மி.மீ.யாகக் குறுகியிருக்கும். சரியாக அந்த இடத்தில் நம் குவியாடி குறுக்கே நிற்கிறது. அதன் முகம் வெளிப்புறமாகப் புடைத்திருப்பதால், அவசரமாகக் கூடிக்கொண்டிருந்த கிரணங்களைச் சற்றே விலக்கிவிடுகிறது, 200 மி.மீ.யில் கூடியிருக்க வேண்டிய 50 மி.மீ. கூம்பு, இப்போது நிதானமாக 800 மி.மீ. சென்று கூடுகிறது. இனி உங்கள் கண்ணை ஐபீஸின் இடத்தில் வைத்து மேலே பாருங்கள். உங்களை நோக்கி வருவது 16 மி.மீ. நீளத்துக்கு 1 மி.மீ. வீதம் ஒடுங்கும் மெல்லிய கூம்பு. அந்தக் கூம்பு எந்த ஆடியில் பட்டு, எத்தனை முறை திரும்பி வந்தது என்பது பிம்பத்துக்குத் தெரியாது. அதை அப்படியே பின்னோக்கி, முதன்மை ஆடியின் அகலமாகிய 200 மி.மீ. வரும்வரை மனத்தில் நீட்டிக்கொண்டு போனால், 3,200 மி.மீ. தூரத்தில் போய் நிற்போம். அங்கே ஒரே ஒரு வில்லை நின்று இந்தக் கூம்பை அனுப்பியிருந்தால் அதன் குவியத் தூரம் எவ்வளவோ, அதுவே இந்த இரண்டு ஆடிகளின் தொகுபயன் குவியத் தூரம். அந்தச் சிறுமி கேட்டாளே, "எங்கே இருக்கிறது?" என்று, அந்த இடம் குழாய்க்குள் இல்லை, குழாய்க்கு வெளியே, ஆகாயத்தில் இருக்கிறது.

கணக்கின் சுருக்கமும் இதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது. 200 மி.மீ.யில் குவியவேண்டியதைக் குவியாடி 800 மி.மீ.க்கு ஒத்திப்போட்டது, அதாவது நான்கு மடங்கு. முதன்மை ஆடியின் 800-ஐ அந்த நான்கால் பெருக்கினால் 3,200. பிம்பமும் அதே நான்கு மடங்கு பெருக்கிறது. வெறும் முதன்மை ஆடி நிலவை 7 மி.மீ. வட்டமாகக் காட்டும், இரண்டும் சேர்ந்து அதையே ஏறக்குறைய 29 மி.மீ. வட்டமாக்குகின்றன. குவியத் தூரம் என்ற சொல்லில் தூரம் என்று ஒன்று ஒட்டிக்கொண்டிருப்பதே நம்மை ஏமாற்றுகிறது என்பது என் அபிப்பிராயம். ஒற்றை ஆடியில் அது அளவுகோல் வைத்து அளக்கக்கூடிய ஒரு தூரம். இரட்டை ஆடியிலோ, வானத்தின் ஒரு கோணம் பிம்பத்தில் எத்தனை மில்லிமீட்டராக விழும் என்று சொல்லும் விகிதம் மாத்திரமே.

நம் ஜவ்வாது மலையில் காவலூரில் நிற்கும் வைணு பாப்பு தொலைநோக்கியும் இதே கணக்கில்தான் நடக்கிறது. அங்கே போகும் வாய்ப்புக் கிடைத்தால் கேட்டுப் பாருங்கள். அதன் முதன்மை ஆடி 2.34 மீட்டர் விட்டமுடையது. அதன் குவியத் தூரம் விட்டத்தைப்போல 3.25 மடங்கு, அதாவது 7.6 மீட்டர். முதன்மைக் குவியத்திலேயே கருவியை வைத்தால் வானத்தின் 27 விகலை ஒரு மில்லிமீட்டரில் அடங்கும். இரண்டாம் ஆடியைப் பொருத்திக் காசிகிரேன் குவியத்துக்கு வந்தால், விட்டத்தைப்போல 13 மடங்கு, அதாவது 30 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட தொகுபயன் குவியத் தூரம் கிடைக்கும். அப்போது ஒரு மில்லிமீட்டரில் 7 விகலைகூட முழுதாக அடங்காது. அங்கும் பெருக்கம் நான்கு மடங்குதான், உங்கள் சாதனத்தில் உள்ளது போலவே. முப்பது மீட்டர் குழாய் அந்த மலையில் எங்கும் இல்லை.

இதுவரை சொன்னது உங்களிற் பலருக்குப் பாதி தெரிந்ததாகவே இருக்கலாம். நான் எழுத உட்கார்ந்ததன் முக்கியக் காரணம் இனி வருவது. நான்கு மடங்கு என்பது குவியாடியில் பொறித்து வைத்த குணமன்று. ஆடிகள் இரண்டும் எத்தனை தள்ளி நிற்கின்றன என்பதையும் பொறுத்து மாறுவது. குவியாடியை முதன்மை ஆடியை நோக்கி ஒரே ஒரு மில்லிமீட்டர் நகர்த்துங்கள். உச்சிக்கு 200 மிச்சமிருந்த இடத்தில் இப்போது 201 மிச்சம். அந்த ஒரு மில்லிமீட்டர், பிம்பத்தை 17 மி.மீ. பின்னுக்குத் தள்ளிவிடுகிறது; பெருக்கம் 4-லிருந்து 4.06 ஆகிறது, தொகுபயன் குவியத் தூரம் 3,249 மி.மீ. ஆகிவிடுகிறது. திருகாணியின் ஒரு சுற்றுக்குள் ஐம்பது மில்லிமீட்டர் ஏறிவிட்டது. குழாயைச் சமைத்தவர் மரையை எந்த இடத்தில் நிறுத்தினாரோ, அந்த இடமே குவியத் தூரத்தைத் தீர்மானிக்கிறது. வரைபடத் தாளுக்கு அந்த அதிகாரம் இல்லை.

இங்கேதான் என் வெட்கக் கதை வருகிறது. பல ஆண்டுகளுக்கு முன், மேலே சொன்ன அதே அளவுகளில் நானும் ஒரு காசிகிரேன் சமைத்தேன். குழியாடியில் எந்தக் கஷ்டமும் இருக்கவில்லை. அது தன் ஒளியைத் தானே குவித்துக் காட்டுவதால், கத்திமுனைச் சோதனையின்போதே அதன் வளைவு ஆரத்தை நாடா பிடித்து அளந்துவிடலாம். குவியாடி அப்படியன்று. அது ஒளியை விரிக்குமே தவிரக் குவிக்காது. திரையில் பிடிக்கத்தக்க பிம்பம் அதனிடம் இல்லை. ஆகவே கண்ணாடியின் மேல் கோளமானியை வைத்து, நடுமுனை ஓரக்கால்களைவிட எத்தனை உயர்கிறது என்று பார்த்து ஆரத்தைக் கணக்கிட வேண்டும். எனக்கு வேண்டிய ஆரம் 533 மி.மீ. என் கோளமானியின் கால்கள் நடுவிலிருந்து 20 மி.மீ. தள்ளி இருந்தன, அந்த ஆரத்துக்கு நடுமுனை 0.375 மி.மீ. உயர வேண்டும். என் டயல் காட்டக்கூடிய மிகச் சிறிய பிரிவோ 0.01 மி.மீ. முள் 0.37-ஐ ஒட்டி நின்றதைக் கண்டு, போதும் என்று திருப்தியடைந்து மெருகேற்றப் போய்விட்டேன். உண்மையில் நான் தேய்த்து முடித்திருந்த ஆரம் 544-க்கு அருகில் இருந்தது. அந்த ஆரத்துக்குரிய உயரம் 0.368. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு பிரிவைக்கூட எட்டாதபோது, டயலைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

பொருத்திப் பார்த்தபோது பிம்பம் எதிர்பார்த்த இடத்துக்கு 44 மி.மீ. முன்னதாகவே குவிந்துவிட்டது, ஐபீஸுக்குள் நட்சத்திரம் தெளியவே இல்லை. இதைக் கண்டு அப்போதே விழித்துக்கொண்டிருக்க வேண்டும். நானோ, எல்லோரும் செய்வதையே செய்தேன்: குவியாடியைத் தாங்கும் திருகை மூன்று மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக உள்ளே இறக்கினேன், பிம்பம் தன் இடத்துக்கு வந்தது, தகட்டில் 3,200 என்று பொறித்துவிட்டு மனநிறைவோடு தூங்கப் போனேன். ஆரமும் மாறி, இடைவெளியும் மாறிய பிறகு, பெருக்கம் மட்டும் நான்காகவே இருக்கும் என்று நினைத்தது என் பேதைமை.

பார்வைக்கு எந்தக் குறையும் தென்படாததுதான் இதிலுள்ள விபரீதம். குவியாடியின் அதிபரவளைவு ஒரு குறிப்பிட்ட பெருக்கத்துக்காகவே உருவாக்கப்படுவதால், பெருக்கம் மாறினால் நட்சத்திர பிம்பம் கெட வேண்டும் என்று நூல்கள் சொல்லும், அது மெய்தான். ஆனால் இத்தனை சிறிய மாற்றத்தில் கெடும் அளவு, ஒளியின் அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கண் அதை அறியாது. குவியத்துக்கு முன்னும் பின்னும் நட்சத்திர வட்டங்களை ஒப்பிட்டு எத்தனை நேரம் பார்த்தாலும் இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. என்னைக் காட்டிக்கொடுத்தவை இரட்டை விண்மீன்கள். அவற்றின் இடைவெளியை மில்லிமீட்டரில் அளந்து, 3,200 என்ற தகட்டெண்ணைக் கொண்டு விகலையாக மாற்றி எழுதிக்கொண்டிருந்தேன். எந்த ஜோடியை எடுத்தாலும், பட்டியலிலுள்ள இடைவெளியைவிட ஏறக்குறைய அறுபதில் ஒரு பங்கு குறைந்தே வந்தது. கை நடுங்கினால் பிழை சில நாள் கூடுதலாகவும் சில நாள் குறைவாகவும் வர வேண்டும். எப்போதும் ஒரே பக்கம், அதுவும் ஒரே விகிதத்தில் குறைகிறது என்றால், குற்றம் கையிலில்லை, தகட்டில் இருக்கிறது.

தகட்டைச் சரிபார்க்க வானத்தையே அளவுகோலாகக் கொள்ளுங்கள். ஒரு ஐபீஸும் ஒரு ஸ்டாப்வாட்சும் போதும். ஐபீஸின் உட்புறத்தில் காட்சிக்கு வட்டமான எல்லை கட்டும் ஒரு வளையம் இருக்கும். பீப்பாயின் வாய்வழியே பார்த்தால் தெரியும். அதன் உள்விட்டத்தை வெர்னியர் காலிப்பரால் கவனமாக அளந்துகொள்ளுங்கள். என்னுடையது சரியாக 20.0 மி.மீ. பிறகு விண்ணின் நடுக்கோட்டை ஒட்டிய ஒரு விண்மீனைத் தேர்ந்தெடுங்கள். ஓரியனின் இடைக்கச்சையில் மேற்கோரமாக நிற்கும் மிந்தாகா இதற்கென்றே படைத்தது போலிருக்கும். நடுக்கோட்டிலிருந்து அரைப் பாகைகூட விலகாதது. இயக்கி இருந்தால் அதை நிறுத்திவிட்டு, விண்மீன் தானே காட்சியின் ஒரு விளிம்பில் நுழைந்து, சரியாக நடுவழியே கடந்து, எதிர்விளிம்பில் மறையும் நேரத்தை எண்ணுங்கள். நடுக்கோட்டு விண்மீன் வினாடிக்கு 15.04 விகலை நகரும். தொகுபயன் குவியத் தூரம் 3,200 ஆனால், 20 மி.மீ. வளையம் 1,289 விகலையைத் தாங்கும். கடக்கும் நேரம் 85.7 வினாடி.

எனக்கு 87.2 வந்தது.

ஒருமுறை வந்ததை நம்பலாமா என்று பத்து முறை எண்ணினேன். இதில் ஒரு சூக்ஷ்மம் உண்டு. விண்மீன் நடுவழியை விட்டு விலகிக் கடந்தால், குறுக்குவழி போல நேரம் குறையுமே தவிர ஒருபோதும் கூடாது, 2 மி.மீ. விலகினாலே நூற்றில் இரண்டு பங்கு குறைந்துவிடும். ஆகவே பத்தையும் கூட்டிச் சராசரி எடுக்காதீர்கள். அவற்றுள் நீண்டவையாய், ஒன்றோடொன்று ஒத்திருப்பவற்றை மட்டும் கொள்ளுங்கள். என் எண் 85.7-க்குக் குறைந்திருந்தால் விலகல் என்று சமாதானம் சொல்லியிருக்கலாம். கூடுதலாக வந்துவிட்டதால் அந்த வழி அடைபட்டது. 87.2 வினாடி என்றால் 1,312 விகலை, 20 மி.மீ.யை அந்தக் கோணத்தால் வகுத்தால் குவியத் தூரம் 3,145 மி.மீ. மறுநாள் குவியாடியைக் கழற்றி, கால்கள் அகன்ற வேறொரு கோளமானியை இரவல் வாங்கி அளந்தபோதுதான் அந்த 544 வெளிப்பட்டது. ஆரத்தை 544 என்று வைத்து, இடைவெளியையும் அதற்கேற்ப மாற்றிக் காகிதத்தில் கணக்கிட்டால் வருவதும் 3,145 தான்.

இத்தனை நுணுக்கம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு, நிலவையும் சனியையும் பார்த்து மகிழ்வதோடு நிற்பவர்களானால் எதற்குமில்லை என்றே சொல்வேன். 25 மி.மீ. ஐபீஸில் 128 மடங்குக்குப் பதில் 126 மடங்கு பெருத்துத் தெரிந்தால் சனியின் வளையம் ஒன்றும் மறைந்துவிடாது. ஆனால் உங்களில் பலர் இப்போது கேமராவைப் பொருத்தத் தொடங்கிவிட்டீர்கள். கேமராவும் அதன் இணைப்பு வளையங்களும் நுழைய இடமில்லை என்று, குவியாடியை உள்ளே இறக்கிப் பிம்பத்தை 100 மி.மீ. பின்னுக்குத் தள்ளியதாக உங்களில் ஒருவர் அன்று பெருமையோடு சொன்னார். அதற்கு அவர் திருகை இறக்கியது ஐந்தரை மில்லிமீட்டருக்குள்தான் இருக்கும். ஆனால் அந்தச் சாதனத்தின் குவியத் தூரம் இப்போது 3,480-ஐத் தாண்டியிருக்கும். நூற்றுக்கு ஒன்பது பங்கு அதிகம். படம் அழகாகவே விழும். அதிலிருந்து வியாழனின் விட்டத்தையோ நிலவுப் பள்ளத்தின் அகலத்தையோ கணக்கிட்டால் மட்டும் எல்லாமே நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருத்து வரும். கடையில் வாங்கிய சாதனங்களிலும், முதன்மை ஆடியையே முன்னும் பின்னும் நகர்த்திக் குவியம் சேர்ப்பவை பல உண்டு. அவற்றின் மீது அச்சிட்ட எண்ணும் ஏதோ ஒரு நிலையில் மட்டுமே மெய்.

ஆகவே உங்களிடம் நான் வேண்டுவது சிறிய காரியம். தகட்டை எடுத்துவிட வேண்டாம். அதன் கீழே ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி, எந்த ஐபீஸோடு, குவியாடியின் திருகு எந்தக் குறியில் நின்றபோது, மிந்தாகா எத்தனை வினாடியில் கடந்தது என்று பென்சிலால் எழுதி வையுங்கள். திருகைத் தொட்ட அன்று அதை அழித்து மறுபடி எழுதுங்கள். அடுத்த முறை மைதானத்துக்கு வரும்போது அந்தச் சிறுமியோ அவளைப் போன்ற வேறொருத்தியோ வந்து, 3,200 எங்கே இருக்கிறது என்று கேட்டால், புடவைக் கதை வேண்டாம். இயக்கியை நிறுத்திவிட்டு, ஸ்டாப்வாட்சை அவள் கையில் கொடுங்கள்.

தங்கள் அன்புள்ள,
வரிசையில் நின்ற ஒருவன்